முந்நூறும் நூற்றிருபதும்: இரண்டு பெட்ஷீட், எழுதாத ஒரு மூன்றாம் எண்

கஞ்சிக்கோட்டில் நூற்பாலை வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழையும்போது சாலையின் இருபுறமும் வரும் தொழிற்பேட்டையில் பிரிகாட், பாட்ஸ்பின் என்ற பெயர்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகியவை. கின்ஃப்ராவின் ஜவுளிப் பூங்காவும் இங்கேதான். மில்லில் நின்றவர் காதில் ‘கவுண்ட்’ என்று விழுந்தால் அவருக்கு நினைவு வருவது நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று எண் ஏற ஏற நூல் மெலியும். அதே மனிதர் பாலக்காட்டில் பெட்ஷீட் வாங்கப் போனால் கடைக்காரர் சொல்லும் ‘கவுண்ட்’ வேறு. ஒரு சதுர அங்குலத் துணியில் பாவும் ஊடையுமாக மொத்தம் எத்தனை நூல் ஓடுகிறது என்ற கணக்கு அது. குழப்பம் வராமலிருக்க இக்கட்டுரை முழுக்க முதலாவதை நூல் நம்பர் என்றும், இரண்டாவதை நூல் எண்ணிக்கை என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

பாக்கெட்டின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது நூல் எண்ணிக்கை. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில், சில பாக்கெட்டில் பின்பக்கம் இருக்கும், பலவற்றில் இருக்காது. நூல் நம்பரோ எங்கேயும் இருக்காது. ஆனால் துணி எப்படிப் பழசாகும், எந்த இடத்தில் கிழியும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த எழுதாத எண்தான். எழுதியிருக்கும் இரண்டையும் சேர்த்து வைத்தால் எழுதாததைக் கண்டுபிடித்துவிடலாம். நூல் எண்ணிக்கை பெரிதா, ஜிஎஸ்எம் பெரிதா என்று சண்டை போடுவதைவிட இதுவே பயனுள்ள வேலை.

இரண்டு விரிப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒற்றைக் கட்டிலுக்கானவை, 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். இரண்டும் முழுப் பருத்தி, சாதா நெசவு.

முதலாவது தடித்த ரகம். ஈரோடு, சென்னிமலை பக்கத்துத் தடித்த விரிப்புகளின் சாயலில், பாவும் ஊடையும் இருபதாம் நம்பர் நூல், அங்குலத்துக்கு 60 பாவு, 60 ஊடை என்று வைத்துக்கொள்வோம். நூல் எண்ணிக்கை 120. இரண்டாவது, ஹோட்டல் அறைகளில் விரித்திருக்கும் வெள்ளை விரிப்பு. இரண்டு பக்கமும் அறுபதாம் நம்பர் நூல், அங்குலத்துக்கு 173 பாவு, 120 ஊடை. கூட்டினால் 293 வரும். வியாபாரத்தில் இதை 300 என்றே சொல்வார்கள். ஏழு நூலுக்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை.

இப்போது எடை. இருபதாம் நம்பர் நூல் ஆயிரம் மீட்டர் ஓடினால் ஏறக்குறைய 29.5 கிராம் இருக்கும். அங்குலத்துக்கு 60 பாவு என்றால் ஒரு மீட்டர் அகலத்தில் 2,362 பாவு. ஒரு சதுர மீட்டருக்கு 2,362 மீட்டர் நூல், அதாவது 70 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. தறியில் நூல் நேராகக் கிடப்பதில்லை, மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுக்கு ஏழு சதவீதம் சேர்த்தால் 75 கிராம். ஊடைக்கும் அதே. மொத்தம் 149, வட்டமாக 150 ஜிஎஸ்எம்.

அறுபதாம் நம்பர் நூல் ஆயிரம் மீட்டருக்கு 9.8 கிராம்தான். ஒரு சதுர மீட்டரில் பதினோராயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் நூல் கிடக்கிறது. இருந்தும் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 120 ஜிஎஸ்எம்தான் வருகிறது. முழு விரிப்பாக எடை போட்டால் முதலாவது 520 கிராம், இரண்டாவது 420 கிராம். நூல் எண்ணிக்கை இரண்டரை மடங்கு ஏறியும் துணி நூறு கிராம் இளைத்துவிட்டது. எண்ணிக்கை கூடினால் துணி கனமாகும் என்று நினைத்து வாங்குபவர் வீட்டுக்கு வந்து ஏமாறும் இடம் இது. அங்குலத்தின் நீளம் மாறுவதில்லை. அதற்குள் அதிக நூலைத் திணிக்க வேண்டுமானால் நூலை மெலிய வைத்தே ஆக வேண்டும்.

இதை வீட்டுக் கணக்காகச் சுருக்கலாம். நூல் எண்ணிக்கையை 25-ஆல் பெருக்கி ஜிஎஸ்எம்மால் வகுத்தால் நூல் நம்பர் வந்துவிடும். 120-ஐ 25-ஆல் பெருக்கினால் 3,000. 150-ஆல் வகுத்தால் 20. 293-ஐப் பெருக்கினால் 7,325. 120-ஆல் வகுத்தால் 61. பாவும் ஊடையும் வேறு வேறு நம்பராக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி கிடைக்கும். கடையில் நின்று முடிவெடுக்க அது போதும்.

நூல் நம்பர் தெரிந்தால் என்ன தெரியும்? பஞ்சு இழையிலிருந்து தொடங்க வேண்டும். சாதாரண நயமுள்ள பருத்தியில் இருபதாம் நம்பர் நூலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 190 இழை இருக்கும். அறுபதாம் நம்பரில், கொஞ்சம் மெல்லிய பஞ்சு போட்டு நூற்றாலும் 70 இழை இருந்தால் அதிகம். பெட்ஷீட்டின் ஆயுள் பெரும்பாலும் இந்த இழைகள் ஒவ்வொன்றாகப் போவதில்தான் கழிகிறது. தோள்பட்டையும் குதிகாலும் இரவெல்லாம் உரசும்போது மேலே தெரியும் இழைகள் தேய்ந்து, அறுந்து, சலவையில் உதிர்ந்து போகின்றன. ஒரு இடத்தில் நூலுக்கு முப்பது இழை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நம்பர் நூலுக்கு ஆறில் ஒரு பங்கு நட்டம். அறுபதாம் நம்பருக்குப் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. தடித்த நூலுக்குக் கையிருப்பு அதிகம்.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

துணியை இழுத்துக் கிழிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்ப்போம். மில் பரிசோதனைக்கூடத்தில் நூலின் பலத்தை ஆர்கேஎம் என்ற கணக்கில் சொல்வார்கள். நூலின் தடிமனைக் கழித்துவிட்டு, பஞ்சுக்கு எவ்வளவு சத்து என்று அது காட்டும். இருபதாம் நம்பர் சாதாரண கார்டட் நூலுக்குச் சுமாராக 15 என்றும், அறுபதாம் நம்பர் கோம்பிங் நூலுக்கு 17 என்றும் வைத்துக்கொள்ளலாம். மெல்லிய நூல் நூற்க நீளமான இழைதான் வேண்டும். கோம்பிங்கில் குட்டை இழையைச் சீவி எடுத்தும்விடுகிறார்கள். அதனால்தான் அந்த இரண்டு புள்ளி கூடுதல். இந்தக் கணக்கில் ஒரு இருபதாம் நம்பர் நூல் அறுவதற்கு 440 கிராம் இழுப்பு வேண்டும், அறுபதாம் நம்பருக்கு 167 கிராம் போதும். ஆனால் தடித்த துணியில் ஓர் அங்குலத்துக்கு 60 பாவுதான் தோள் கொடுக்கிறது, மெல்லியதில் 173. பெருக்கிப் பார்த்தால் தடித்தது அங்குலத்துக்கு 26 கிலோ, மெல்லியது 29 கிலோ. மெலிந்த துணி இங்கே ஜெயிக்கிறது! ஊடைப் பக்கம் திருப்பினால் தடித்தது அதே 26, மெல்லியது 20. இவை காகிதக் கணக்கு. நெசவிலும் சலவையிலும் எண்கள் கொஞ்சம் நகரும். ஆனாலும் சொல்லும் விஷயம் மாறாது. நேராக இழுக்கும் பலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வரிசை. இந்தப் பலம் ஜிஎஸ்எம்மையும் பஞ்சின் தரத்தையும் ஒட்டியே போகும். நூல் எண்ணிக்கையை ஒட்டிப் போவதில்லை.

ஆனால் வீட்டில் யாரும் பெட்ஷீட்டை இரண்டு பக்கமும் பிடித்து நேராக இழுத்துக் கிழிப்பதில்லை. கட்டில் மூலையில் துருத்திய ஆணியில் மாட்டும். வெட்டாத கால் நகத்தில் சிக்கும். இப்படிக் கிழியும்போது 60 நூலும் சேர்ந்து நிற்பதில்லை. கிழிசலின் முனையில் ஒன்று, இரண்டு, அதிகம் போனால் மூன்று நூல்தான் மொத்த பாரத்தையும் வாங்கி அறும், பிறகு அடுத்தது. அந்த இடத்தில் 440 கிராம் தாங்கும் நூலுக்கும் 167 கிராம் தாங்கும் நூலுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே துணியில் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. தளர்வாக நெய்த துணியில் கிழிசல் வரும்போது நூல்கள் கொஞ்சம் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து நிற்கும். நெருக்கி நெய்த துணியில் அசைய இடமில்லை, ஒவ்வொன்றாகத் தனியே அகப்பட்டு அறும். அதனால்தான் சில உயர்ந்த ரக விரிப்புகள் ஒரு சின்னக் கீறல் விழுந்ததும் காகிதம்போல நேராக ஓடிப் பிளக்கின்றன. கீறல் கிழிசலில் நூல் எண்ணிக்கை ஏறுவது உதவியல்ல, உபத்திரவம்.

இப்படியே போனால் தடித்த துணிக்குத்தான் வெற்றி என்று முடிந்துவிடும். நல்ல வேளையாக அதற்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அதைக் காண விரிப்பை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் போதும்.

இருபதாம் நம்பர் நூலின் விட்டம் ஏறக்குறைய அங்குலத்தில் 125-ல் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 60 நூல் என்றால் பாதிக்கும் குறைவான அகலத்தைத்தான் பாவு மூடுகிறது. ஊடையும் அப்படியே. இரண்டும் சேர்ந்த பிறகும் துணிப் பரப்பில் நாலில் ஒரு பங்கு வெறும் ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரி புள்ளிப் புள்ளியாகத் தெரிவது அதுதான். அறுபதாம் நம்பர் நூலின் விட்டம் 217-ல் ஒரு பங்கு. 173 பாவு வைத்தால் அகலத்தில் எண்பது சதவீதம் மூடிவிடும். ஊடையும் சேர்ந்தால் ஓட்டை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

ஓட்டை அதிகமான துணியில் நூல் ஆடும். ஆடும் நூல் உரசலில் உருளும், முடிச்சு முடிச்சாகப் பஞ்சு திரளும், தையல் ஓரத்தில் நழுவி வாய் பிளக்கும். நூலின் வளைவு மேடுகள் துருத்திக்கொண்டு நிற்பதால் உரசல் முழுவதையும் அந்த மேடுகளே வாங்குகின்றன. நெருக்கமான துணியில் பரப்பு வழவழப்பாக இருக்கும், உரசல் எல்லா நூலுக்கும் பங்காகும். ஆகவே தேய்மானத்தில் தடித்த நூலின் கையிருப்பும் நெருக்கமான நெசவின் பங்கீடும் எதிரெதிராக இழுக்கின்றன. எது ஜெயிக்கும் என்பது அந்தந்தத் துணியைப் பொறுத்தது. மார்ட்டின்டேல் என்னும் தேய்ப்புக் கருவியில் போட்டுப் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். முப்பதாம் நம்பர் நூல், அங்குலத்துக்கு 100 பாவு, 80 ஊடை. நூல் எண்ணிக்கை 180. கணக்குப் போட்டால் ஜிஎஸ்எம் 150, அதாவது நம் தடித்த விரிப்பின் அதே எடை. பாவு அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை மூடுகிறது. நூலுக்குள் 125 இழை. ஒரே எடைப் பஞ்சை நூற்றிருபதுக்குப் பதில் நூற்றெண்பதாகப் பிரித்து அடுக்கியதில் ஆட்டம் குறைந்தது, கையிருப்பும் பெரிதாகப் போய்விடவில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பல ஆண்டுகளாக டி-180 என்ற ரகத்தை, பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்து, பெருவாரியாக வாங்கி வந்திருக்கின்றன. வாரத்துக்குப் பலமுறை கொதிநீரில் துவைத்து உருளை இஸ்திரியில் விடும் இடம் அது. அங்கே ஆயிரம் எண்ணிக்கை துணியை யாரும் தேடுவதில்லை.

அந்த ஆயிரத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு விரிப்பில் 600 என்று எழுதியிருக்கிறது, எடை போட்டால் 130 ஜிஎஸ்எம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 600-ஐ 25-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால் 115. நூற்றுப் பதினைந்தாம் நம்பர் நூலா? அது நயமான வேட்டிக்கும் சேலைக்கும் போகும் நூல். மிக நீண்ட இழைப் பஞ்சு வேண்டும், விலையும் அதற்கேற்ப. மலிவு விலைக்கு அது வருகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, துணிக்குள் மெல்லிய பாலியெஸ்டர் இழைகள் ஓடுகின்றன. இல்லையேல், அந்த 600 நிஜமாக எண்ணியது அல்ல.

எண்ணாமல் எப்படி 600 ஆனது? இரண்டு நூலை முறுக்கி ஒன்றாக்கிய டபுளிங் நூலை இரண்டாக எண்ணிவிடுவார்கள். தறியில் ஒரே திறப்பில் மூன்று நான்கு மெல்லிய ஊடையைச் சேர்த்து வீசி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கணக்கில் ஏற்றுவதும் உண்டு. அமெரிக்காவில் 2005 ஆகஸ்டில் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதிகாரிகள், இப்படி முறுக்கு நூலைப் பிரித்து எண்ணி எண்ணிக்கையை ஊதிக் காட்டினால் வாங்குபவர் ஏமாறக்கூடும் என்று எழுத்தில் கருத்துச் சொன்னார்கள். ஏஎஸ்டிஎம் சோதனை முறையில் முறுக்கு நூல் எத்தனை புரியாக இருந்தாலும் ஒரு நூல்தான்.

முறுக்கு நூலும் சேர்த்து வீசிய நூலும் ஒன்றல்ல என்பதை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயுள் விஷயத்தில் இரண்டும் நேரெதிர். நாற்பதாம் நம்பர் நூல் இரண்டை முறுக்கினால் இருபதாம் நம்பரின் தடிமன் வரும். அது ஒற்றை இருபதைவிட ஒரே சீராக இருக்கும். ஒன்றில் மெலிந்த இடத்தை மற்றது தாங்கும். இழைகள் உள்ளே சுற்றிப் பிடிபட்டிருப்பதால் தேய்மானமும் குறைவு. நல்ல கைத்தறி விரிப்புகள் உழைப்பதற்கு இந்த இரட்டை நூல் ஒரு பெரிய காரணம். சேர்த்து வீசிய ஊடையோ முறுக்கில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ரிப்பன்போலப் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் தனியாக நூறு கிராம் இழுப்புக்குக்கூட நிற்காது, உள்ளே நாற்பது இழைகூட இருக்காது. கண்டுபிடிக்க ஓர் ஓரத்திலிருந்து ஊடையை உருவிப் பார்க்கலாம். இரண்டு விரலுக்கிடையில் வைத்து முறுக்கைப் பிரிக்கும்போது இரண்டு புரியாகத் திறந்தால் டபுளிங். உருவும்போதே நான்கு முடி தனித்தனியாகப் பறந்தால் மற்றது.

இந்த இடத்தில்தான் நம் 25 கணக்குக்கும் எல்லை வந்துவிடுகிறது. நேர்மையாக எண்ணிய 120, எடை 150 என்றால் நூல் இருபதாம் நம்பர் தடிமன் என்று அது சொல்லும். அது ஒற்றை நூலா, இரட்டை முறுக்கா, நீள இழையா, குட்டை இழையா என்று சொல்லாது. நெசவையும் சொல்லாது. வழவழப்புக்காக சாட்டின் நெசவு போட்ட துணியில் ஒரு நூல் நாலு நூலைத் தாண்டித் தாண்டி மேலே படுத்திருக்கும். எண்ணிக்கையும் எடையும் சாதா நெசவோடு ஒத்திருந்தாலும், அந்த நீளப் படுக்கையில் நகமும் வளையலும் சிக்கி நூல் இழுபடும். இஸ்திரி வேண்டாம் என்று விற்கும் சுருக்கமில்லாத் துணியில் ரசாயனப் பிசின் ஏற்றியிருப்பார்கள். அது இழையைப் பிணைத்து விறைக்க வைப்பதால் கிழிசல் பலம் நன்றாகவே குறையும். இதுவும் எந்த எண்ணிலும் தெரியாது.

எடைக்கும் ஒரு பொய் முகம் உண்டு. அது நம் பக்கத்துச் சந்தைகளில் அடிக்கடி பார்ப்பது. பாவுக்கு ஏற்றிய கஞ்சியைத் துணியிலேயே விட்டுவிடுவார்கள். சில சமயம் மேலும் ஏற்றி, கல்லுப்போல மடித்து அடுக்குவார்கள். கையில் எடுத்தால் கனம். உள்ளங்கையில் வைத்துக் கசக்கும்போது வெள்ளைத் தூசு உதிர்ந்தால் புரிந்துகொள்ளலாம். முதல் துவையலில் அந்தக் கனம் தண்ணீரோடு போய்விடும்.

சரி, துவைத்த பிறகு ஜிஎஸ்எம் எடுத்தால் தெரிந்துவிடுமே என்று பரிசோதனைக்கூட ஆட்கள் பழக்கத்தில் சொல்வார்கள். அவர்களிடம் நூறு சதுர செண்டிமீட்டர் வட்டமாக வெட்டும் கட்டர் இருக்கிறது. வட்டத்தை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஆனால் பருத்தி துவைத்தால் சுருங்கும். சுருங்கினால் அதே நூல் குறைந்த பரப்புக்குள் வந்து ஜிஎஸ்எம் ஏறும். ஓர் எடுத்துக்காட்டு: 60-க்கு 90 விரிப்பு, பரப்பு 3.48 சதுர மீட்டர், வாங்கும்போது 540 கிராம், அதாவது 155 ஜிஎஸ்எம். துவைத்துக் காயவைத்தால் 470 கிராம். எழுபது கிராம், பதின்மூன்று சதவீதம், கஞ்சியாகப் போய்விட்டது. அதே சமயம் நீளம் ஆறு சதவீதமும் அகலம் மூன்று சதவீதமும் சுருங்கிப் பரப்பு 3.17 ஆகிவிட்டது. இப்போது ஜிஎஸ்எம் 148. கட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு வெறும் ஏழு புள்ளிதான் குறைந்த மாதிரி தெரியும். முழு விரிப்பையும் தராசில் போட்டவருக்குத்தான் விஷயம் தெரியும். சமையலறைத் தராசு போதும்; வாங்கிய அன்றும் இரண்டாம் துவையலுக்குப் பிறகும் முழுதாக எடை போடுங்கள். சுருக்கம் எடையைக் கூட்டாது, குறைக்கவும் செய்யாது.

இரண்டு எடையையும் ஒரே மாதிரி நாளில் போட வேண்டும் என்பது கஞ்சிக்கோட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தையில் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றிலும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மழைக் காற்றிலும் ஒரே விரிப்பு ஒரே எடை காட்டாது. சில சதவீதம் வித்தியாசம் வரும். பரிசோதனைக்கூடங்கள் அறையின் ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்துவது இதற்காகத்தான். இந்த நூலளவு விவகாரத்தையெல்லாம் அறுபது வருடத்துக்கும் மேலாகக் கோவையில் சிட்ரா பார்த்து வருகிறது. 1956-இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் அது. மில் ஆட்களுக்கு அந்தப் பெயர் சொன்னாலே போதும்.

மழைக்காலம் வந்தால் ஜிஎஸ்எம்மின் இன்னொரு முகமும் தெரியும். 520 கிராம் விரிப்பு பிழிந்த பிறகும் 420 கிராம் விரிப்பைவிட அதிகத் தண்ணீரை வைத்திருக்கும். வெயில் இல்லாத நாட்களில் தடித்தது மடிப்புக்குள் ஈரம் தங்கி நாற்றமெடுக்கும், கரும்புள்ளி பிடிக்கும். அந்தப் பூஞ்சை கறை மட்டும் போடுவதில்லை, பருத்தி இழையையே தின்னும். தேய்மானத்தில் தடித்த நூல் சேர்த்து வைத்த கையிருப்பை ஆடி மாதம் இப்படித் திருப்பி வாங்கிக்கொள்ளும். மொட்டை மாடியில் வெயில் கிடைக்கிற வீட்டுக்கு, குழந்தைகள் கட்டிலில் குதிக்கிற வீட்டுக்கு, கல்லில் அடித்துத் துவைக்கிற கைக்கு, இருபது முதல் முப்பதாம் நம்பர் வரை, 140-லிருந்து 160 ஜிஎஸ்எம், முடிந்தால் இரட்டை நூல் என்று நான் சொல்வேன். கொடி வராந்தாவுக்குள் கட்டியிருக்கிற ஃபிளாட்டுக்கு, துவைக்கும் இயந்திரம் உள்ள வீட்டுக்கு, நாற்பதாம் நம்பரில் 200 எண்ணிக்கை, 125 ஜிஎஸ்எம் சாதா நெசவு போதும். சீக்கிரம் காய்வதே அதற்கு ஆயுள் கொடுக்கும். 300-க்கு மேல் வாங்குவது வழவழப்புக்காக. அதில் தவறில்லை. உழைப்புக்காக என்று மட்டும் நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய விரிப்பைக் குப்பைக்குப் போடும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அது எதனால் போனது என்று தெரிந்துவிடும். ஓரமெல்லாம் புதுசுபோல இருந்து நடுவில், தோளும் இடுப்பும் படும் இடத்தில் மட்டும் சல்லடையாகியிருந்தால் அது தேய்மானம். அடுத்த முறை நூல் நம்பரைக் குறைத்து வாங்கலாம். நடு நன்றாக இருந்து தையல் ஓரம் நழுவிப் பிளந்திருந்தால் நெசவு தளர்வு. எண்ணிக்கை கொஞ்சம் ஏற வேண்டும். ஓரம், நடு என்று இல்லாமல் எங்கே இழுத்தாலும் மக்கின துணிபோல விட்டுக்கொடுத்தால் குற்றம் எண்ணிக்கையிலும் இல்லை, எடையிலும் இல்லை. குளோரின் ப்ளீச்சை அளவில்லாமல் ஊற்றி, சரியாக அலசாமல் காயவைத்திருப்பார்கள். இழைக்குள்ளேயே பலம் செத்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் 120 வாங்கினாலும் 300 வாங்கினாலும் மெல்லிய நூல் முதலில் போகும், தடித்தது கொஞ்சம் பின்னால் போகும்.